பத்தி முடிந்துவிட்டது, "அதனால் என்ன?": ஆய்வேட்டு இயலில் பிழை நீக்கும் வழிமுறை

ஆய்வேட்டின் ஓர் இயலை நெறியாளரிடம் கொடுக்கிறீர்கள். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வருகிறது. பிழைத்திருத்தம் அதிகம் இல்லை. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பென்சிலால் ஒரே கேள்வி எழுதப்பட்டிருக்கிறது: "அதனால் என்ன?"

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பெரும்பாலான ஆய்வாளர்கள் செய்வது ஒன்றுதான். ஒவ்வொரு பத்தியின் கடைசியிலும் "இதன்மூலம் அறியமுடிகிறது" என்று முடியும் ஒரு வாக்கியத்தை ஒட்டிவிடுகிறார்கள். இயல் நான்கு பக்கம் கூடுகிறது. நெறியாளர் மறுபடியும் அதே கேள்வியை எழுதுகிறார். குறை வாக்கியத்தில் இருந்தால்தானே வாக்கியத்தை ஒட்டினால் தீரும்? அந்தப் பத்தியைக் கொண்டு என்ன சொல்ல வருகிறோம் என்பதை எழுதியவர் இன்னும் முடிவு செய்யவில்லை. அந்த முடிவை எடுக்க வைப்பதுதான் இந்த வழிமுறையின் வேலை.

நான் இதைக் கற்றுக்கொண்டது சென்னையின் குடிநீர் வரலாற்றில் ஆய்வு செய்த ஒரு மாணவியோடு அமர்ந்து வேலை செய்தபோது. அவருடைய பத்திகளை இங்கே எடுத்துப் போடவில்லை. அதே பொருளில், அதே வகைக் குறையுள்ள பத்திகளை விளக்கத்துக்காக நானே எழுதியிருக்கிறேன். அவற்றிலுள்ள ஆண்டுகளும் செய்திகளும் மெய்யானவை.

முதலில் நோய் எங்கே என்று பாருங்கள்

இயலை அச்செடுங்கள். திரையில் இந்த வேலை சரிவராது. கை தானாகத் திருத்தத் தொடங்கிவிடும். ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் எண் போடுங்கள். நாற்பது பக்க இயலில் எண்பது முதல் நூறு பத்திகள் வரை இருக்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் "என்ன சொல்கிறது" என்றும் வலப்பக்கம் "ஆகவே" என்றும் தலைப்பிடுங்கள். அதற்கும் மேலே, பக்கத்தின் உச்சியில், இந்த இயல் விடை தேடும் கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அந்த மாணவியின் இயலுக்கு அது இப்படி அமைந்தது: "தன் குடிநீருக்காகச் சென்னை யாரைச் சார்ந்திருந்தது?" இந்த ஒரு வரியை எழுதவே அவருக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. அது வீணான நேரம் அல்ல. இயலின் கேள்வி கையில் இல்லாமல் எந்தப் பத்திக்கும் "அதனால் என்ன?" என்று கேட்க முடியாது; எதற்கு அதனால் என்பது தெரிய வேண்டுமல்லவா?

பிறகு ஒவ்வொரு பத்தியாக நிரப்புங்கள். வலப்பக்கத்தில் வினைமுற்றுடன் முழு வாக்கியம் இருக்க வேண்டும். "நீர்த் திட்டங்களின் வளர்ச்சி" என்று எழுதினால் அது தலைப்பு, கருத்து அல்ல. நிரப்ப முடியாத இடத்தை வெறுமையாகவே விடுங்கள். அங்கே இட்டுக்கட்டி எழுதினால் பிறகு எது நோய், எது மருந்து என்று தெரியாமல் போய்விடும். இரண்டு காலை வேளைகளில் ஓர் இயலை முடித்துவிடலாம். வலப்பக்கம் வெறுமையாக இருக்கும் பத்திகளை மட்டும் இனி பார்ப்போம். அவை எப்படி முடிகின்றன என்பதைக் கொண்டே குறையை இனங்காணலாம்.

அறிகுறி: பத்தி ஆண்டுகளின் வரிசையாக ஓடி, கடைசி ஆண்டில் நின்றுவிடுகிறது

வரலாறு, சமூகவியல் ஆய்வேடுகளில் அதிகம் காணப்படுவது இதுதான். மாதிரி இதோ:

> கோட்டையின் தேவைக்காக 1772இல் ஏழுகிணறு நீர்நிலையம் அமைக்கப்பட்டது. 1872இல் கொசஸ்தலை ஆற்று நீரைத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டிலிருந்து சோழவரம், செங்குன்றம் ஏரிகள் வழியாக நகரத்துக்குக் கொண்டுவரும் திட்டம் நிறைவேறியது. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளுடன் நீர்நிலையம் தொடங்கப்பட்டது. 1944இல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது. 1983இல் கிருஷ்ணா நீருக்காக ஆந்திரத்துடன் ஒப்பந்தம் ஆயிற்று. 1996இல் அந்த நீர் பூண்டியை வந்தடைந்தது. 2004இல் வீராணம் ஏரியிலிருந்து குழாய் வழியாகச் சென்னைக்கு நீர் வந்தது.

இதில் தவறான செய்தி எதுவும் இல்லை. படித்து முடித்ததும் மனத்தில் எதுவும் தங்குவதும் இல்லை. இதை எழுதியவரைக் கேட்டால், முதலில் வரும் விடை அநேகமாக இப்படி இருக்கும்: "இவ்வாறு சென்னையின் குடிநீர்த் திட்டங்கள் படிப்படியாக வளர்ச்சி பெற்றன." இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. ஊர்ப் பெயரை மாற்றிப் பாருங்கள். சென்னையை எடுத்துவிட்டு மதுரை என்று போட்டாலும் வாக்கியம் அசையாமல் நிற்கிறது. கோயம்புத்தூர் என்று போட்டாலும் நிற்கிறது. எந்த ஊருக்கும் பொருந்துகிற வாக்கியத்தை இந்தப் பத்தியின் ஏழு ஆண்டுகளும் சேர்ந்து நிறுவ வேண்டிய தேவை இல்லை.

அடுத்த முயற்சி: "நகரம் வளர வளர, அதன் நீர் ஆதாரம் மேலும் மேலும் தொலைவுக்குப் போனது." இது நல்ல முன்னேற்றம். இதை ஒருவர் மறுக்க முடியும். மறுக்க முடிவதுதான் கருத்துக்கு அடையாளம். ஏழுகிணறு நகரத்துக்குள்ளேயே இருந்தது. செங்குன்றம் நகரத்தின் விளிம்புக்கு வெளியே இருந்தது. பூண்டி அதற்கும் அப்பால், திருவள்ளூரைத் தாண்டி. வீராணம் கடலூர் மாவட்டத்தில், 200 கிலோமீட்டருக்கும் மேலான தொலைவில். ஆந்திரத்தின் கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து பூண்டி வரை கிருஷ்ணா நீர் வரும் கால்வாயே 177 கிலோமீட்டர்.

கருத்து வந்துவிட்டதென்று இங்கே நிறுத்திவிடக் கூடாது. வெளிப்படையாகச் சொன்ன உடனே இரண்டு விஷயங்கள் உறுத்தத் தொடங்கும். 1914 இந்த வரிசையில் ஏன் இருக்கிறது? கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டி வைத்ததற்கும் தொலைவுக்கும் தொடர்பே இல்லை. அதுவரை வடிகட்டாமல் வந்த தண்ணீரைச் சுத்தம் செய்த கதை அது. வேறு பத்திக்கு உரியது. இரண்டாவது உறுத்தல் இன்னும் பெரியது. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் செயல்படத் தொடங்கின. கடல் தொலைவில் இல்லை. வீட்டு வாசலில் இருக்கிறது. "மேலும் மேலும் தொலைவு" என்ற வாக்கியம் அங்கே உடைந்துபோகிறது. ஆண்டுகளை வெறுமனே அடுக்கியபோது இந்த முரண் கண்ணில் படவே இல்லை. இந்த வேலையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்: கருத்தை வாய்விட்டுச் சொன்னால்தான் அது தவறு என்பதும் தெரியவரும்.

ஆகவே நோட்டின் உச்சியிலுள்ள கேள்விக்குத் திரும்புகிறோம். யாரைச் சார்ந்திருந்தது? தொலைவு என்பது கிலோமீட்டர் கணக்கு. இயலின் கேள்வியோ சார்பைப் பற்றியது. அந்தக் கண்ணோடு பத்தியை மறுபடி படித்தால் வேறொன்று தெரிகிறது. 1872ஆம் ஆண்டுத் திட்டமும் 1944ஆம் ஆண்டு நீர்த்தேக்கமும் ஒரே ஆற்றைத்தான் நம்பின. இரண்டும் சென்னை மாகாணத்துக்குள், ஒரே அரசின் கீழ் நடந்தவை. கிருஷ்ணா நீருக்கோ மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்கள் தங்கள் பங்கிலிருந்து விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. வீராணம் தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் காவிரி நீரால் நிரம்பும் பாசன ஏரி. இப்போது வலப்பக்கத்தில் எழுதலாம்:

> 1872 முதல் 1944 வரை சென்னை ஒரே ஆற்றில், ஒரே அரசின் எல்லைக்குள் மேலே மேலே ஏறிச் சென்றது. 1983க்குப் பிறகு அதன் குடிநீர் மற்ற மாநிலங்களின் இசைவையும், மற்ற பகுதிகளின் பாசன நீரையும் சார்ந்ததாயிற்று.

இந்த வாக்கியம் கிடைத்தபின் பத்தியை அப்படியே விட்டுவிட்டு இதை மட்டும் கடைசியில் ஒட்டாதீர்கள். வாக்கியம் பத்தியைத் திருத்தச் சொல்கிறது. 1772 ஒரு துணைத்தொடராகச் சுருங்கலாம். 1914 வெளியேற வேண்டும். "அதே ஆறு" என்பதை 1944ஆம் ஆண்டு வாக்கியத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும். மூன்று மாநிலங்களின் பெயர் புதிதாக உள்ளே வர வேண்டும். கடல்நீர் நிலையங்கள் அடுத்த பத்தியைத் தொடங்கிவைக்கலாம். ஆனால் அங்கே ஒரு எச்சரிக்கை உண்டு. "இந்தச் சார்பிலிருந்து விடுபடவே கடல்நீர்த் திட்டங்கள் தொடங்கப்பட்டன" என்று எழுதிவிட ஆசை வரும். அது நோக்கத்தைப் பற்றிய கூற்று. அரசாணையிலோ திட்ட அறிக்கையிலோ அப்படிச் சொல்லியிருந்தால் மட்டுமே எழுதலாம். ஆவணம் இல்லையென்றால் "இந்த நிலையங்களுக்கு மற்ற மாநிலங்களின் இசைவு தேவைப்படவில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவும் கருத்துதான், கையிலுள்ள சான்று தாங்கக்கூடிய கருத்து.

அறிகுறி: பத்தி "குறிப்பிடத்தக்கது" என்று முடிகிறது

தமிழ் ஆய்வேடுகளுக்கே உரிய நோய் இது. "என்பது குறிப்பிடத்தக்கது", "ஈண்டு நோக்கத்தக்கது", "எண்ணத்தக்கது", "சுட்டத்தக்கது". கோப்பைத் திறந்து `Ctrl+F` அழுத்தி "தக்கது" என்று மட்டும் தேடுங்கள். நான்கும் ஒரே வலையில் சிக்கிவிடும். அதே போல "புலனாகிறது", "அறியமுடிகிறது" என்றும் தேடிப் பாருங்கள். எண்ணிக்கையைக் கண்டு நீங்களே திடுக்கிடக்கூடும். மனம் தளர வேண்டாம். இவை வந்த இடமெல்லாம், இங்கே ஏதோ முக்கியமானது இருக்கிறது என்று உங்கள் மனம் உணர்ந்த இடம். என்ன முக்கியம் என்பதை எழுதாமல், முக்கியம் என்று மட்டும் எழுதிவிட்டீர்கள். அந்த உணர்வு பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

மாற்றும் வழி: அந்தச் சொல்லை அடித்துவிட்டு, "குறிப்பிடக் காரணம் என்ன?" என்று கேட்டு, "ஏனெனில்" என்று தொடங்கி விடை எழுதுங்கள். பிறகு "ஏனெனில்" என்ற சொல்லையும் எடுத்துவிடலாம்.

> 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

ஏன் குறிப்பிட வேண்டும்? மாணவி முதலில் சொன்ன விடை "நிலத்தடி நீர் உயர்ந்தது" என்பது. அதற்கு அவரிடம் அளவீடு எதுவும் இல்லை. ஆகவே அது நிற்காது. "சட்டத்தில் எந்தச் சொல் உங்களை நிறுத்தியது?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "புதிய கட்டடங்களோடு நிற்கவில்லை அம்மா, ஏற்கெனவே கட்டிய வீடுகளும் செய்ய வேண்டும் என்றிருக்கிறது" என்றார். அதுதான் காரணம். பத்தியின் முடிவு இப்படி மாறியது:

> 2003ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே கட்டிய வீடுகளையும் உள்ளடக்கியதால், நீரைத் தேடித் தரும் பொறுப்பில் ஒரு பங்கு குடிநீர் வாரியத்திடமிருந்து வீட்டு உரிமையாளரின் கைக்கு வந்தது.

இயலின் கேள்வி சார்பு. இங்கே நகரம் தன் குடிமக்களையே சார்ந்து நிற்கிறது. முன்பு துணுக்குச் செய்தியாகக் கிடந்தது, இப்போது இயலின் நடுநரம்போடு சேர்ந்துவிட்டது.

நம் பழைய உரைமரபில் இதற்கு ஒரு கருவி உண்டு. உரையாசிரியர்கள் சொற்பொருளை விளக்கி முடித்தபின், சில இடங்களில் "என்பது கருத்து" என்று இன்னொரு வரி எழுதுவார்கள். பாடல் சொல்வது பொருள். அதைக் கொண்டு நிறுவ வந்தது கருத்து. இரண்டும் வேறு என்பதை அவர்கள் தெளிவாகவே வைத்திருந்தார்கள். உங்கள் பத்தியின் கடைசி வாக்கியத்தோடு "என்பது கருத்து" என்று சேர்த்து வாய்விட்டுப் படியுங்கள். "2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது என்பது கருத்து." காது ஒப்புக்கொள்ளவில்லை; அது செய்தி. "ஒரு பங்கு பொறுப்பு வீட்டு உரிமையாளரின் கைக்கு வந்தது என்பது கருத்து." ஒப்புக்கொள்கிறது. சோதித்தபின் அந்தச் சொற்களை ஏட்டில் விட்டுவைக்க வேண்டாம்.

அறிகுறி: பத்தி ஒரு எண்ணில் முடிகிறது

"பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு சுமார் 11 டி.எம்.சி." தனியாக நிற்கும் எண் படிப்பவரிடம் ஒன்றும் சொல்லாது. அது பெரியதா, சிறியதா? பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்தால்தான் அது பேசும். எந்த எண்ணை வைப்பது என்பதை இயலின் கேள்வி சொல்லும். சார்பு என்று கேட்டால், பக்கத்தில் வைக்க வேண்டியது கிருஷ்ணா ஒப்பந்தப்படி ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 12 டி.எம்.சி. தன் நான்கு ஏரிகளும் ஒரே வேளையில் தேக்கி வைக்கக்கூடியதைவிடக் கூடுதலான நீரை ஓர் ஆண்டில் வெளியிலிருந்து எதிர்பார்க்கும் நிலைக்கு நகரம் வந்திருந்தது என்று எழுதலாம்.

எழுதும்போது கவனம் வேண்டும். கொள்ளளவு என்பது ஒரு நேரத்தில் நிற்கும் இருப்பு. 12 என்பது ஆண்டு முழுவதும் வரும் வரத்து. இரண்டையும் கழித்துப் பார்க்கக் கூடாது. "ஒரே வேளையில்", "ஓர் ஆண்டில்" என்ற சொற்களை விட்டுவிட்டால் தேர்வாளர் அங்கேயே பிடித்துவிடுவார். மேலும் 12 என்பது ஒப்பந்தத்தில் உள்ள அளவு. உண்மையில் வந்த அளவைத் தனியே, ஆண்டுவாரியாகக் காட்ட வேண்டும்.

அறிகுறி: பத்தி மேற்கோளில் முடிகிறது

களப்பணி செய்தவர்களுக்கு இது வரும். நேர்காணலில் ஒருவர் மனத்தைத் தொடும்படி ஒன்று சொல்லியிருப்பார். அதன்பின் தான் ஒரு வார்த்தை சேர்த்தால் அதன் வீரியம் குறைந்துவிடும் என்று ஆய்வாளர் பயப்படுவார். பயம் நியாயமானதுதான், கதை எழுதினால். ஆய்வேட்டில் அந்தக் குரலைக் கொண்டு எதை நிறுவுகிறோம் என்பதை ஆய்வாளர்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் படிப்பவர் தனக்குத் தோன்றிய பொருளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

2019 கோடையை எடுத்துக்கொள்வோம். அந்த ஜூன் மாதம் நகரத்துக்கு நீர் தரும் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. தெருமுனைகளில் நீல, மஞ்சள், சிவப்புக் குடங்கள் லாரிக்காக வரிசை கட்டியிருந்தன. வடசென்னையில் வீட்டுவேலை செய்யும் ஒரு பெண் நேர்காணலில், "லாரி வருகிற நாளில் நான் வேலைக்குப் போவதில்லை" என்று சொன்னதாக வைத்துக்கொள்வோம். பத்தி அந்த மேற்கோளோடு நின்றுவிட்டால் படிப்பவர் இரக்கப்படுவார். ஆய்வாளர் சொல்ல வந்தது இரக்கம் மட்டும்தானா?

மேற்கோளில் எந்தச் சொல் வேலை செய்கிறது என்று அடிக்கோடிடுங்கள். இங்கே அது "வேலைக்குப் போவதில்லை". வாரியத்தின் லாரி தெருத் தொட்டியில் ஊற்றிச் செல்லும் தண்ணீருக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அதைப் பிடிக்க ஒருநாள் கூலி போய்விடுகிறது. ஆகவே:

> கட்டணமில்லாத நீருக்கு இவர் கொடுத்த விலை ஒருநாள் கூலி. தட்டுப்பாட்டின் செலவை வாரியத்தின் கணக்கில் மட்டும் தேடினால் இந்தப் பகுதி கண்ணில் படாது.

"வடசென்னைப் பெண்கள் அனைவரும் கூலியை இழந்தனர்" என்று எழுதாததைக் கவனியுங்கள். ஒருவர் சொன்னதைக் கொண்டு ஒரு செலவு உண்டு என்று காட்டலாம்; எத்தனை பேருக்கு உண்டு என்று காட்ட முடியாது. மேற்கோளுக்குப் பின் வரும் வாக்கியம் மேற்கோளைவிடப் பெரிதாகிவிட்டால், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும். பல பேர் அதையே சொல்லியிருந்தால், எத்தனை பேரில் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லுங்கள். "எனலாம்" என்று மழுப்புவதைவிட அது எவ்வளவோ மேல்.

அறிகுறி: கருத்து இருக்கிறது, ஆனால் அடுத்த பத்தியில்

அடுத்த பத்தி "மேற்கண்டவற்றிலிருந்து" என்றோ "இதனால்" என்றோ தொடங்குகிறதா? அந்த வாக்கியத்தை வெட்டி முந்தைய பத்தியின் கடைசியில் ஒட்டுங்கள். "மேற்கண்ட" என்பதை நீக்குங்கள். பல நேரம் இவ்வளவுதான் வேலை.

அறிகுறி: எல்லாப் பத்தியும் "ஆகவே" என்று முடிகிறது, படிக்கவே சலிக்கிறது

இது மருந்து அதிகமானதால் வரும் கோளாறு. கருத்து வெளிப்படையாக இருக்க வேண்டுமென்றால் கடைசி வாக்கியத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பத்தியின் முதல் வாக்கியமாக வைத்துவிட்டு, சான்றைப் பின்னால் தரலாம். படிப்பவர் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள மாட்டார் என்று தோன்றும் கருத்தைக் கடைசியில் வையுங்கள். சான்று முதலில் வந்து அவரைத் தயார் செய்யட்டும். மற்றவற்றை முதலில் வைக்கலாம். நோட்டின் வலப்பக்கத்தில் அடுத்தடுத்த மூன்று பத்திகளுக்கு ஒரே வாக்கியம் வந்தால், அவை ஒரே கருத்தின் மூன்று சான்றுகள். இணைத்துவிடுங்கள், ஒருமுறை சொன்னால் போதும்.

சில பத்திகளுக்குக் கருத்தே வேண்டாம். எந்த ஆவணத் தொகுதியைப் பார்த்தோம், எந்தச் சொல்லை எந்தப் பொருளில் ஆள்கிறோம் என்று சொல்லும் பத்திகள் அப்படிப்பட்டவை. அவற்றின் கடைசியில் வலிந்து ஒரு முடிவை ஒட்டினால் பொய்யாகத் தெரியும்.

அறிகுறி: எவ்வளவு யோசித்தாலும் வலப்பக்கம் நிரம்பவில்லை

மாணவியின் இயலில் அப்படி ஒரு பகுதி இருந்தது: முப்பது ஆண்டு மழையளவு அட்டவணையும், அதை வாக்கியங்களாகத் திருப்பிச் சொல்லும் நான்கு பத்திகளும். ஒவ்வொரு பத்தியும் "அவ்வாண்டு சராசரிக்கும் குறைவாகவே மழை பெய்தது" என்பது போல முடிந்தது.

"இதை எடுத்துவிடலாமா?" என்று கேட்டேன்.

"அம்மா, இதற்காக எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கன்னிமாரா நூலகத்திலுமாகப் பதினொரு நாள் உட்கார்ந்திருக்கிறேன்." அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

அந்தப் பதினொரு நாளை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் உழைப்பு எவ்வளவு என்பது பத்திக்கு விடை ஆகாது. "சரி, இந்த அட்டவணையை எழுதும்போது எந்த இடத்தில் உங்கள் பேனா நின்றது?" என்று கேட்டேன். இது பலருக்கு உதவிய கேள்வி. ஆண்டுத் தொகையில் எங்கும் நிற்கவில்லை என்றார். மாதவாரிக் கணக்கைப் பார்த்தபோதுதான், மழையின் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவத்தில் வந்துவிடுவது உறைத்ததாம். அப்படியென்றால் ஆண்டு முழுவதும் குடிக்க, அந்த மூன்று மாதத்தில் தேக்கியாக வேண்டும். தேக்க இடம் போதவில்லையென்றால் வெளியே கையேந்த வேண்டும். நான்கு பத்திகள் ஒரே பத்தியாகச் சுருங்கி, ஏரிகளின் கொள்ளளவு பற்றிய பத்திக்கு முன்னால் போய் அமர்ந்தன. அட்டவணை முழுதாகப் பின்னிணைப்புக்குப் போனது. அங்கே அது அழகாக இருக்கிறது, தேவைப்படுபவர் பார்த்துக்கொள்வார்.

பேனா எங்கும் நிற்கவில்லை என்று விடை வந்தால், அந்தப் பத்தியை அழிக்காமல் வேறொரு கோப்பில் போட்டு வையுங்கள். இன்னொரு இயலுக்கோ கட்டுரைக்கோ உதவலாம். இந்த இயலில் அதற்கு இடமில்லை.

சரியாகிவிட்டதா என்று பார்ப்பது

திருத்திய இயலை மறுபடி அச்செடுத்து, ஒவ்வொரு பத்தியிலும் கருத்தைச் சொல்லும் வாக்கியத்தை மட்டும் அடிக்கோடிடுங்கள். அவற்றை மட்டும், எண் வரிசைப்படி, உங்கள் துறை சாராத ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். நடுவிலுள்ள சான்றுகள் இல்லாமலேயே அவருக்கு ஒரு வாதம் காதில் விழ வேண்டும். எங்கே அவர் "கொஞ்சம் இருங்கள், அது எப்படி?" என்று கேட்கிறாரோ, அங்கே இரண்டு பத்திகளுக்கு நடுவே ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. எங்கே கவனம் சிதறுகிறதோ, அங்கே சொன்னதையே சொல்லியிருக்கிறீர்கள்.

அந்த மாணவி தன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். மறுநாள் என்னிடமும் படித்தார். தாழ்வாரத்து பெஞ்சில் அமர்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், பதினேழாவது வாக்கியத்தில் தானாகவே நின்றார். "அம்மா, இதுவும் ஒன்பதாவதும் ஒன்றுதான்" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.